400 பேர் இருக்கும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பணி ஓய்வு வாழ்த்து எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மாதத்தின் கடைசி வேலை நாள். மாவட்ட வருவாய்த் துறை வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் ரோஜாப்பூ படம் ஒன்றைப் போட்டு, "பணி ஓய்வு வாழ்த்துகள் சார்" என்று எழுதுகிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே வரி நூறு முறை வருகிறது. பாதிப் பேருக்கு ஓய்வு பெறுபவர் யாரென்றே தெரியாது. இன்னும் சிலர் வேறு அலுவலகத்துக்காரர் பெயரைப் போட்டு வாழ்த்திவிடுகிறார்கள்.

இதில் வாழ்த்தியவர்கள் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. பெரிய குழுவில் முதல் செய்தி எப்படி இருக்கிறதோ, பின்னால் வருபவை அப்படியேதான் இருக்கும். முதல் செய்தியில் ஆளைப் பற்றி ஒரு விவரம் இருந்தால், அடுத்து எழுதுபவருக்கும் ஒரு நினைவு வரும். "ஆமாம், எனக்கும் ஒரு தடவை பழைய கோப்பு எடுத்துக் கொடுத்தார்" என்று எழுதுவார். வெறும் பூ வந்தால் வெறும் பூதான் தொடரும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த முதல் செய்தியைப் பற்றியது. உங்கள் பிரிவில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், குழுவில் முதலில் எழுத வேண்டியவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவறை எழுத்தர். ராஜேந்திரன் என்று கற்பனையாக ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். 1994-இல் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தவர், 2009 முதல் பதிவறை அவர் கையில். பதிவேட்டின்படி பிறந்த தேதி 1966 ஜூன் 1. குழுவில் ஆட்சியர் அலுவலகக் கண்காணிப்பாளர்கள் முதல் கிராம நிர்வாக அலுவலர்கள் வரை 400 பேர். அவரை முகம் பார்த்துப் பழகியவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 2021 முதல் 60. அந்த வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஆகவே ஜூன் 1-இல் பிறந்த நம் ராஜேந்திரன் ஓய்வு பெறுவது 2026 மே 31. அது ஞாயிற்றுக்கிழமை. சனியும் விடுமுறை என்பதால் அவர் கடைசியாக அலுவலகம் வரும் நாள் மே 29, வெள்ளி. பாராட்டு விழா அன்றைக்குத்தான் நடக்கும். "ஜூன் மாதம்தானே" என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஆள் போன பிறகுதான் செய்தி போகும்.

பிறந்தநாள் வாழ்த்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்டுக்கொண்ட தேதிதான் அந்தத் தலைமுறையில் பலருக்கும் பதிவேட்டில் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் இத்தனை பேர் ஓய்வு பெறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று முக்கியம். ஓய்வு பெற அனுமதித்து ஆணை வந்துவிட்டதா என்று பணியாளர் அமைப்பைக் கவனிக்கும் பிரிவில் கேட்டுவிடுங்கள். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் ஆணை கடைசி நாள் வரை இழுக்கும். சில நேரம் அனுமதியே கிடைக்காது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவருக்குக் காலையிலேயே 400 பேர் முன்னால் வாழ்த்துப் போட்டுவிட்டால், அந்த மனிதர் மாலையில் எப்படி முகம் காட்டுவார்? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஆர்டர் வந்தாச்சா?" காரணம் எதையும் விசாரிக்கத் தேவையில்லை. விருப்ப ஓய்வில் போகிறவருக்கும் இதே கண்ணியம் வேண்டும். ஏன் போகிறார் என்ற பேச்சுக்கே செய்தியில் இடம் கிடையாது.

ஒரே ஒரு சம்பவத்தைத் தேடி எடுங்கள்

செய்தியின் உயிர் இதில்தான் இருக்கிறது. நேரத்தைச் செலவிட வேண்டியதும் இதற்குத்தான்.

பலரும் கூட வேலை பார்ப்பவரிடம் போய் "அண்ணனைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்பார்கள். "தங்கமான மனுஷன், யாரையும் கடிஞ்சு பேச மாட்டார்" என்று பதில் வரும். அதை எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "அண்ணன் லீவு போட்ட அன்னைக்கு நம்ம ஆபீஸ்ல எந்த வேலை நின்னுச்சு?" இந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்லவே முடியாது. நிலம் சம்பந்தமாக உயர் நீதிமன்றத்தில் எதிர்வாதுரை போட வேண்டிய நாளில் பழைய பதிவேடு கிடைக்காமல் பாதி நாள் தேடியது, கடைசியில் அவருக்குப் போன் போட்டதும் "கிழக்குச் சுவர், மூணாவது அடுக்கு, சிவப்புத் துணி கட்டு" என்று அவர் வீட்டிலிருந்தே சொன்னது, இப்படி ஏதாவது வந்து விழும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப் போகிறவர்கள். அவர்களுக்குத் தெரிவது குறைவு. அலுவலக ஓட்டுநர், இரவுக் காவலர், ஏற்கெனவே ஓய்வு பெற்ற பழைய தலைமை எழுத்தர் என மூன்று பேரிடம் பேசினால் போதும். நம் எடுத்துக்காட்டில் காவலர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 2015 டிசம்பர் மழையில் பதிவறைக்குள் தண்ணீர் ஏறியது. இரவு எட்டு மணிக்கு ராஜேந்திரன் வந்தார். எல்லோரும் கையில் கிடைத்த கட்டைத் தூக்க ஆரம்பித்தபோது, "அதை விடுங்க, முதல்ல கீழ் அடுக்குல இருக்கற யு.டி.ஆர். பதிவேட்டை ஏத்துங்க" என்றார். அவை தப்பின. சில சம்பளப் பட்டியல் கட்டுகள் நனைந்து போயின.

வருவாய்த் துறையில் இருக்கிற யாருக்கும் இதன் எடை உடனே புரியும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேடுகள்தான் யு.டி.ஆர். என்று சொல்லப்படுபவை. இன்றைக்குப் பட்டாவில் பிழை இருக்கிறது என்று வரும் மனுக்களில் பலவற்றுக்கும் விடை அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அந்த இரவு தண்ணீரில் நின்றபடி எது முக்கியம் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ராஜேந்திரனைப் பார்த்தே இராத 350 பேருக்கும் இந்தச் சம்பவம் அவர் யார் என்று சொல்லிவிடும்.

கிடைத்த சம்பவத்தை ஒரு சோதனை போடுங்கள். அவர் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால், இன்னும் தேட வேண்டும்.

அடுத்து, அன்று அங்கே இருந்த இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். பெரிய குழுவில் பிரச்சினை வருவது இங்கேதான். "வெள்ளத்தில் பதிவறையைக் காப்பாற்றியவர்" என்று எழுதினால், அன்றைக்கு அவரோடு சேர்ந்து தோளில் கட்டு தூக்கிய நான்கு பேர் அதே குழுவில் இருப்பார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனம் சுருங்கும். "எதை முதலில் ஏற்ற வேண்டும் என்று சொன்னவர்" என்று எழுதினால் அது துல்லியமாக அவருடைய பங்கு. மற்றவர்களும் "ஆமாம், அன்னைக்கு நானும் இருந்தேன்" என்று மகிழ்ச்சியோடு கீழே எழுதுவார்கள்.

வழக்கு எண், நிலத்தின் உரிமையாளர் பெயர், எந்த அதிகாரி காலத்தில் என்பவை வேண்டாம். 400 பேர் இருக்கும் குழுவிலிருந்து ஒரு செய்தி வெளியே போக ஒரு நிமிடம் போதும்.

எழுதும் வரிசை

பெரிய குழுவில் படிப்பவர்கள் இரண்டு வகை: ஆளைத் தெரியாதவர்கள், தெரிந்தவர்கள். இவர்களைத் தவிர அந்த ஒருவர் இருக்கிறார். முதல் பத்தி தெரியாதவர்களுக்கு: பெயர், பதவி, அலுவலகம், தேதி, எத்தனை ஆண்டாக. இதைப் படர்க்கையில் எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் அவர் பக்கம் திரும்பி, நேராக அவரிடம் பேசுங்கள். கடைசியில் விழா நேரம், இடம்.

எப்படி அழைப்பது? அலுவலகத்தில் தினமும் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே. நேரில் "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டுக் குழுவில் "மதிப்பிற்குரிய ஐயா" என்றால் அவருக்கே அந்நியமாக இருக்கும். ஆனால் முதல் பத்தியில் "திரு. … அவர்கள்" கட்டாயம். அலுவலக உதவியாளரோ ஓட்டுநரோ ஓய்வு பெறும்போது பெயரை மட்டும் எழுதி, கண்காணிப்பாளர் ஓய்வு பெறும்போது "திருமிகு" போடுகிற வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் இந்த வேறுபாடு மிகவும் வலிக்கும்.

சரி, இப்போது ராஜேந்திரனுக்கான செய்தி:

> *வட்டாட்சியர் அலுவலகப் பதிவறை எழுத்தர் திரு. ராஜேந்திரன் அவர்கள் வரும் 31-ஆம் தேதி பணி ஓய்வு பெறுகிறார்.* இன்று அவருக்குக் கடைசி வேலை நாள். 1994-இல் பணியில் சேர்ந்தவர், 2009 முதல் நம் பதிவறை அவர் பொறுப்பு.
>
> அண்ணே, 2015 டிசம்பர் மழையில் பதிவறைக்குள் தண்ணீர் ஏறிய இரவு, யு.டி.ஆர். பதிவேடுகளை முதலில் மேலே ஏற்றச் சொன்னது நீங்கள்தான். இன்றும் பட்டா மனுக்களுக்கு அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பதில் எழுதுகிறோம். எந்தக் கட்டு எங்கே என்று நீங்கள் எழுதிக் கொடுத்த அடுக்குப் பட்டியலைப் பதிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.
>
> இன்று மாலை 4 மணிக்குக் கூட்ட அறையில் பாராட்டு விழா. வர முடிந்தவர்கள் வாருங்கள்.
> — அ பிரிவு நண்பர்கள்

அவ்வளவுதான். "அயராத உழைப்பு", "அர்ப்பணிப்பு", "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எதுவும் இல்லை. இழப்பு என்ற சொல் இரங்கல் செய்திக்கு உரியது. ஓய்வு பெறுபவருக்கு அதை எழுதக் கூடாது.

"அலுவலக உதவியாளராகச் சேர்ந்து" என்று எழுதாமல் "பணியில் சேர்ந்தவர்" என்று நிறுத்தியதைக் கவனித்திருப்பீர்கள். கீழிருந்து மேலே வந்ததைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் விரும்ப மாட்டார்கள். அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. "அண்ணே, குரூப்ல போடப் போறேன், எந்த வருஷம் சேர்ந்தீங்க, என்னவா சேர்ந்தீங்க?" என்று கேட்டால், எதைச் சொல்ல விரும்புகிறார் என்பது அவர் பதிலிலேயே தெரிந்துவிடும்.

எழுதக் கூடாதவை

"நீங்கள் போன பிறகு பதிவறை என்ன ஆகுமோ" என்ற வரி பாசத்தில்தான் வரும். ஆனால் திங்கட்கிழமை பொறுப்பேற்கப் போகிறவரும் அதே குழுவில் இருக்கிறார். நம் செய்தியில் அடுக்குப் பட்டியலைச் சொன்னது இதற்காகத்தான்: அவர் விட்டுப் போவதும் தெரிகிறது, வருகிறவருக்கும் குறைவில்லை.

ஓய்வூதியத்தைப் பற்றி எழுத வேண்டாம். "இனி பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்" என்பது 1994-இல் சேர்ந்த ராஜேந்திரனுக்குப் பொருந்தலாம். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களெல்லாம் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தவர்கள், பழைய ஓய்வூதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். குழுவில் பெரும்பகுதி அவர்கள்தான்.

கிடைக்காத பதவி உயர்வு, பழைய இடமாறுதல், உடல்நிலை ஆகியவை வேண்டாம். பெண் ஊழியர் ஓய்வு பெறும்போது "இனி பேரப்பிள்ளைகளோடு" என்று எழுதுவது கையோடு வந்துவிடுகிறது. திருமணம் ஆகாதவர், குழந்தை இல்லாதவர், மகனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவருடைய வேலையைப் பற்றி எழுதினால் இந்தச் சிக்கல் எதுவும் வராது. மாவட்ட ஆட்சியர் குழுவில் இருக்கிறார் என்பதற்காக, வாழ்த்துச் செய்தியில் அதிகாரிகளுக்கு நன்றி சொல்ல ஆரம்பிக்கவும் வேண்டாம். அன்றைய நாள் ஒருவருக்கு உரியது.

தட்டச்சும் நீளமும்

அலுவலகக் கணினியில் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாக வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பலர் திரையைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். படமாகப் போனால் எழுத்து சின்னதாகத் தெரியும், பின்னால் தேடினாலும் கிடைக்காது. கைபேசியிலேயே தமிழ் விசைப்பலகையில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது கணினியில் யூனிகோடில் அடியுங்கள்.

முதல் வாக்கியத்தின் முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அது தடித்த எழுத்தில் வரும்:

```
*திரு. ராஜேந்திரன் அவர்கள் பணி ஓய்வு பெறுகிறார்.*
```

குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை செய்யாது. தடித்த எழுத்து அந்த ஒரு வரிக்கு மட்டும் போதும்.

நீளமான செய்தியை வாட்ஸ்அப் மடித்துவிடும். மீதியைப் படிக்கத் தட்ட வேண்டும். அவரைத் தெரியாதவர்கள் தட்ட மாட்டார்கள். முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். மடிந்தால் குறையுங்கள். சொல்ல இன்னும் நிறைய இருக்கிறதா? அதை அவருக்குத் தனியாக அனுப்புங்கள். தனிச் செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவர் படிப்பார், வீட்டிலும் படித்துக் காட்டுவார். பெயரையும் தேதியையும் அனுப்பும் முன் இன்னொருவரிடம் காட்டுங்கள். அனுப்பிய பிறகு திருத்த 15 நிமிடம்தான் அவகாசம்.

எப்போது போடுவது

மே மாதம் வருவாய்த் தீர்வாயம் நடக்கும் காலம். காலை பத்து மணியிலிருந்து குழுவில் அறிக்கை கேட்டுச் செய்திகள் கொட்டும், மாலை ஐந்துக்கு மேல் அன்றைய புள்ளிவிவரங்கள். இரண்டுக்கும் நடுவே, மதிய உணவு நேரத்தில் போடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லோரும் கைபேசியைப் பொறுமையாகப் பார்க்கிறார்கள். நான்கு மணி விழாவுக்குப் போவதா என்று யோசிக்கவும் நேரம் இருக்கும். குழு நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், செய்தியை 24 மணி நேரத்துக்கு மேலே பொருத்தி வைப்பார். நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும் என்று குழுவைப் பூட்டி வைத்திருந்தால், அன்று மதியம் திறந்துவிடச் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

செய்தி போன உடனே உங்கள் பிரிவில் இரண்டு பேர் தங்கள் சொந்த நினைவு ஒன்றை ஆளுக்கு இரண்டு வரி எழுதட்டும். இதை முன்பே பேசி வையுங்கள். மூன்றாவது ஆள் தானாக எழுதுவார். அவரைத் தெரியாதவர்கள் ஒரு கைகூப்பு வைத்தால் போதும், அதில் தவறில்லை. செய்தியின் மேலேயே விரலை அழுத்தி அந்தக் குறியை இட்டால் குழுவில் வரிகள் நிறையாது, நினைவுகள் எழுதியவர்களின் செய்திகள் மறையாமல் இருக்கும்.

குழுவிலிருந்து எப்போது நீக்குவது

இதை ஏன் வாழ்த்துச் செய்தியின் வழிகாட்டியில் சொல்கிறேன் என்றால், பல இடங்களில் ஓய்வு பெற்ற அன்று இரவே நிர்வாகி ஆளை நீக்கிவிடுகிறார். அலுவல் குழு, வெளியாள் இருக்கக் கூடாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் நீக்கிய பிறகு வரும் செய்தி எதுவும் அவர் கைபேசிக்குப் போகாது. மாலை ஏழு மணிக்கு விழா முடிந்து வீட்டுக்கு வந்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழுவைத் திறந்தால் "நீங்கள் நீக்கப்பட்டீர்கள்" என்று இருந்தால் எப்படி இருக்கும்? இரவு எட்டு மணிக்கு ஒரு பழைய நண்பர் எழுதிய இரண்டு வரி அவரை எட்டவே எட்டாது.

அதனால் நிர்வாகியிடம் இரண்டு மூன்று நாள் அவகாசம் கேளுங்கள். ராஜேந்திரன் விஷயத்தில் ஓய்வு ஞாயிறு பிற்பகல்தான். அதுவரை அவர் அரசு ஊழியர், நீக்கக் காரணமே இல்லை. செவ்வாய் வரை விட்டால் அவர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்து, பதில் எழுதிவிட்டு, பெரும்பாலும் தாமாகவே வெளியேறுவார். வயதானவர்களில் சிலருக்குக் குழுவில் நீளமாகத் தட்டச்சு செய்யத் தயக்கம் இருக்கும். "அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் அடிச்சுத் தர்றேன்" என்று வெள்ளிக்கிழமை மாலையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே, அவருடைய கைபேசியிலிருந்தே அந்த நன்றியை அனுப்பிக் கொடுங்கள். அவர் வெளியேறும் முன், குழுவில் வந்த நினைவுகளை மட்டும் எடுத்துத் தனியாக அவருக்கு அனுப்பிவிடுங்கள்; நூறு கைகூப்புகளுக்கு நடுவே அவர் அவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.